ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் படம் திணறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் பார்த்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதே படத்தை டிவியில் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டம் சுற்றும். உடனே எல்லோரும் செய்வது, ரவுட்டரைத் திட்டுவது அல்லது இணையத் திட்டத்தை மேலே ஏற்றுவது. பெரும்பாலும் இரண்டும் தேவையில்லை. விலை குறைந்த ஸ்டிக்குக்குள் இருக்கும் ஆன்டெனா, சர்க்யூட் போர்டின் ஓரத்தில் வரைந்த ஒரு சின்னச் செம்புக் கோடு. அதைக் கொண்டுபோய் டிவியின் முதுகில், உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சொருகி வைக்கிறோம். அது கேட்பதே பெரிய விஷயம்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அளவு எடுக்கும் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். அது இல்லாமல் செய்வதெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவுவதுதான்.

## எதையும் வாங்கும் முன் ஓர் அளவு

திரையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். நான்கு கோடு என்றால் என்ன என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறார்கள். நமக்கு வேண்டியது dBm என்ற அலகில் வரும் எண். அது எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 60-களின் நடு வரை வீடியோவுக்குத் தாங்கும். மைனஸ் 70-ஐத் தாண்டினால் அல்லாடும், 80 என்றால் விட்டுவிடலாம். ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 3 எண் குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

சில ஸ்டிக்குகள் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்திலேயே இந்த எண்ணைக் காட்டும். காட்டாவிட்டால், ஆண்ட்ராய்டு அடிப்படையில் ஓடும் ஸ்டிக்குகளில் இன்னொரு வழி இருக்கிறது. டெவலப்பர் அமைப்பில் ADB debugging என்பதை இயக்கிவிட்டு, அதே வைஃபையில் உள்ள, adb கருவி நிறுவிய கணினியிலிருந்து இப்படிக் கேட்கலாம். ஐபி முகவரிக்குப் பதில் உங்கள் ஸ்டிக்கின் முகவரியைப் போடுங்கள்.

```
adb connect 192.168.1.23
adb shell "dumpsys wifi | grep mWifiInfo"
```

வரும் நீளமான வரியில் மூன்றைப் பார்த்தால் போதும். RSSI என்பது மேலே சொன்ன மைனஸ் எண். Link speed என்பது ஸ்டிக்கும் ரவுட்டரும் அந்த நொடியில் ஒத்துக்கொண்ட வேகம். Frequency 24-இல் தொடங்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5-இல் தொடங்கினால் 5 கிகாஹெர்ட்ஸ்.

கணினி இல்லையா? சரி, ஃபோனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்றைப் போடுங்கள். டிவிக்கு முன்னால் நின்று ஓர் எண், ஃபோனை டிவியின் முதுகில் ஸ்டிக்கை ஒட்டிப் பிடித்து இன்னோர் எண். இரண்டுக்கும் நடுவில் 6-க்கு மேல் வித்தியாசம் வந்தால் டிவியே மறைக்கிறது. ஸ்டிக்குக்குக் கிடைப்பது ஃபோன் காட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஃபோனின் ஆன்டெனா பெரியது, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டது.

அளவு நன்றாகவே இருக்கிறது, ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் திணறுகிறது, அப்போது ஃபோனிலும் திணறுகிறது என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. அது உங்கள் இணைய இணைப்பு நெரிசலில் மாட்டுவது. ஸ்டிக்கை எங்கே வைத்தாலும் அது மாறாது.

## அறிகுறி: ஃபோனில் ஓடுகிறது, டிவியில் மட்டும் மங்குகிறது அல்லது நிற்கிறது

அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். படம் முதலில் கூர்மையாகத் தொடங்கி, சில நிமிடத்தில் கஞ்சி மாதிரி மங்கும், கொஞ்ச நேரத்தில் தெளியும், மறுபடி மங்கும். வரும் வேகத்துக்கு ஏற்ப ஆப் தரத்தை இறக்கி ஏற்றுகிறது. அதையும் மீறிக் குறைந்தால்தான் வட்டம் சுற்றும்.

நண்பர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சுவரில் மாட்டிய டிவி. ரவுட்டர் அடுத்த அறையில், நடுவில் ஒரே ஒரு சுவர். புதிய ரவுட்டர் வாங்கலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். ஸ்டிக்கில் அளவு எடுத்தேன்: 2.4 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 74, லிங்க் வேகம் 26 எம்பிபிஎஸ். ஃபோனை டிவிக்கு முன்னால் பிடித்தால் மைனஸ் 58. அதையே பின்னால் கொண்டுபோனால் மைனஸ் 66. சுவர் செய்யும் கெடுதலைவிட டிவி செய்யும் கெடுதல் பெரிதாகத் தெரிந்தது.

26 எம்பிபிஎஸ் போதாதா என்று கேட்கலாம். லிங்க் வேகம் என்பது காற்றில் பேசிக்கொள்ளும் வேகம். அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான் உண்மையான டேட்டாவாகக் கைக்கு வரும். மீதி, "வந்ததா, வந்தது" என்ற உரையாடலிலும், தவறியதைத் திருப்பி அனுப்புவதிலும், அக்கம்பக்கத்து வைஃபைக்கு வழிவிட்டுக் காத்திருப்பதிலும் போய்விடும். ஆக அவருக்குக் கிடைத்தது 13, 14 எம்பிபிஎஸ். நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, 1080-க்கு 5 போதும் என்கிறது. அவர் 4கே படம் பார்த்தார். படம் ஏன் விளிம்பில் நின்று தள்ளாடியது என்பது இப்போது புரியும்.

நான் கொண்டுபோனது ஒரு ஜாண் நீள எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் மட்டும்தான். ஒரு முனை ஆண், ஒரு முனை பெண். இந்தத் துண்டு பல ஸ்டிக்குகளின் பெட்டியிலேயே வரும். 2013-இல் வந்த முதல் குரோம்காஸ்ட் பெட்டியிலேயே இருந்தது. இடம் போதாத டிவிக்கு என்று நினைத்து எல்லோரும் பெட்டியோடு தூக்கி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது வைஃபைக்கும்தான்.

கேபிளைப் போட்டு ஸ்டிக்கை அப்படியே கீழே தொங்க விட்டேன்: மைனஸ் 70. கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் ஸ்டிக் இன்னும் தகட்டின் நிழலில்தான். பிறகு அதைப் பக்கவாட்டில் இழுத்து, ரவுட்டர் இருக்கும் பக்கத்து விளிம்பைத் தாண்டி இரண்டு விரல்கடை வெளியே தெரியும்படி வைத்தேன்: மைனஸ் 63, லிங்க் 65. அந்த ஒரு நகர்த்தலில் மட்டும் வரும் சக்தி ஐந்து மடங்கானது. ஆரம்பத்தோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கு மேல்.

விளிம்பைத் தாண்டுவதுதான் முக்கியம். நீளமான கேபிள் போட்டு டிவிக்குப் பின்னாலேயே சுருட்டி வைத்தால் பயனில்லை. விளிம்பைத் தாண்டியதும், ஸ்டிக்கை உடனே ஒட்டிவிடாமல் சில சென்டிமீட்டர் இப்படி அப்படி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் விட்டு அளவைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடும். அங்கிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளினால் கூடிவிடும். நெட்டுக்குத்தாகத் தொங்கியதைப் படுக்கையாகத் திருப்பினாலும் எண் மாறும். நல்ல இடம் கிடைத்ததும் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிவிடலாம். ஸ்டிக் சூடாகும் பொருள் என்பதால் துணிக்குள்ளோ கேபிள் கட்டுக்குள்ளோ திணிக்காதீர்கள்.

அந்த வீட்டில் கடைசியாகச் செய்தது, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. டிவிக்குப் பின்னால் இருந்தபோது அது அறுந்து அறுந்து போனதால்தான் நண்பர் 2.4-க்கு இறங்கியிருந்தார். விளிம்புக்கு வந்த பிறகு 5-இல் மைனஸ் 68, லிங்க் 130. எண்ணைப் பார்த்தால் 2.4-ஐவிட மோசம், வேகத்தைப் பார்த்தால் இரட்டிப்பு. 5-இல் ஒரே நேரத்தில் அகலமான பாதையைப் பிடிக்க முடிவதால் அப்படி. புதிய ரவுட்டர் வாங்கவில்லை.

கேபிளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேமில் போக எச்டிஎம்ஐ-யில் 18 கிகாபிட் வரை ஓட வேண்டும். மட்டமான நீட்டிப்புத் துண்டு போட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது நொடி நேரம் கறுத்துத் திரும்பும். வைஃபை சரியாகி படம் கெட்டது போல் தோன்றும். ஸ்டிக்கின் டிஸ்ப்ளே அமைப்பில் 1080-க்கு இறக்கிப் பாருங்கள். மின்னல் நின்றுவிட்டால் குற்றவாளி அந்தத் துண்டுதான். குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பதை வாங்குங்கள்.

இன்னொன்று, இது பலரும் தெரியாமல் செய்யும் தவறு. 2017-இல் வந்த ரோக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் பிளஸ் போன்ற சில மாடல்களில் வைஃபை ரிசீவரே பவர் கேபிளுக்குள் இருக்கிறது. நடுவில் ஒரு சின்னப் புடைப்பு தெரியும். அந்தக் கேபிள் நீளம் போதவில்லை என்று சாதாரண யுஎஸ்பி கேபிள் மாற்றினால் ஆன்டெனாவையே கழற்றிப் போட்ட மாதிரி. அப்படிப்பட்ட ஸ்டிக்கில் நகர்த்த வேண்டியது ஸ்டிக்கை அல்ல, அந்தப் புடைப்பை.

## அறிகுறி: சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனாலும் திணறுகிறது

மைனஸ் 55 வருகிறது, லிங்க் வேகம் மட்டும் 13, 19 என்று கிடக்கிறது. இது சத்தம் குறைவாகப் பேசுவதால் வரும் பிரச்சினை அல்ல. பக்கத்தில் யாரோ கத்துவதால் வருவது.

முதல் சந்தேகம் டிவியின் பக்கவாட்டில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி முழுக்க இரைச்சலைக் கக்கும் என்று இன்டெல் 2012-லேயே அறிக்கை போட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே படத்தை ஓட்டிப் பாருங்கள். லிங்க் வேகம் எகிறினால் விடை கிடைத்துவிட்டது. ஒன்று டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள், அல்லது ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அந்த இரைச்சல் அங்கே எட்டாது.

இரண்டாவது சந்தேகம் ப்ளூடூத். ரிமோட்டும், ஹெட்ஃபோனும், கேம் கன்ட்ரோலரும் பேசுவது அதே 2.4-இல். மலிவு ஸ்டிக்குகளில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சிப், பல நேரம் ஒரே ஆன்டெனா; இரண்டும் முறை வைத்து மாறி மாறிப் பேசும். ஹெட்ஃபோனில் பாட்டு விட்டு விட்டு வருகிறது, ரிமோட் அழுத்தினால் ஒரு நொடி தாமதம், அதே சமயம் படமும் திணறுகிறது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் இதுதான். வைஃபையை 5-க்கு மாற்றினாலோ கீழே சொல்லும் கேபிள் வழிக்குப் போனாலோ ப்ளூடூத்துக்கு 2.4 முழுதும் கிடைத்துவிடும். படத்துக்காகக் கேபிள் போட்டவர்கள் பலர், ரிமோட்டும் சுறுசுறுப்பாகிவிட்டது என்று ஆச்சரியப்படுவார்கள்.

## அறிகுறி: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலேயே வரவில்லை

இது ஆன்டெனா விஷயமாக இல்லாமலும் இருக்கலாம். சில ஸ்டிக்குகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. முதலில் பெட்டியைப் பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் ரவுட்டரின் சேனலைப் பாருங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் இடம், அதனால் மலிவான கருவிகள் பல அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ரவுட்டரில் "ஆட்டோ" என்றிருப்பதை எடுத்துவிட்டு 36, 40, 44, 48-இல் ஒன்றைக் கையால் வையுங்கள். 2.4-லும் இதே கதை உண்டு: ரவுட்டர் 12 அல்லது 13-ஆவது சேனலில் இருந்தால் சில ஸ்டிக்குகளின் கண்ணுக்கு அது தெரியாது. 1, 6, 11-இல் ஒன்றை வைத்தால் போதும்.

## அறிகுறி: படம் நடுவில் ஸ்டிக்கே அணைந்து மறுபடி எழுகிறது

வைஃபை விட்டுப்போகிறது என்று நினைப்போம், ஆனால் திரையில் தயாரிப்பாளரின் சின்னம் வந்து புதிதாகத் தொடங்கும். இது மின்சாரப் பஞ்சம். டிவியின் சாதாரண யுஎஸ்பி துளை கொடுக்க வேண்டிய கணக்கு 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் பெரும்பாலும் 5 வாட். மெனுவில் சும்மா இருக்கும்போது டிவி கொடுப்பது போதும். 4கே படத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டே வைஃபையில் வலுவாகப் பேச வேண்டிய நேரத்தில்தான் மூச்சு திணறும். சிக்னல் குறைவான இடத்தில் ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால் இது இன்னும் அதிகமாகும். ஆகவே ஆன்டெனா பிரச்சினையும் பவர் பிரச்சினையும் கைகோத்துக்கொண்டு வருவது உண்டு.

சுவரில் செருகும் அடாப்டருக்கு மாறுங்கள், முடிந்தால் ஸ்டிக்கோடு வந்ததற்கே. மெல்லிசான, மூன்று மீட்டர் நீளக் கேபிள் போட்டால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டிக்கை விளிம்புக்கு நகர்த்தும்போது பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்: இடம் சரியானது, ஆனால் புதிதாகப் போட்ட நீளக் கேபிளால் அணைய ஆரம்பித்துவிட்டது.

## இடம் மாற்றியும் போதவில்லை: லேன் அடாப்டர்

இரண்டு மூன்று சுவர் தாண்டி இருக்கும் டிவிக்கு எந்த விளிம்பும் உதவாது. அங்கே வைஃபையை விட்டுவிட்டு கேபிளுக்குப் போவதுதான் நிம்மதி. ஸ்டிக்கில் லேன் துளை இல்லை, ஆனால் பவர் போகும் அந்த மைக்ரோ யுஎஸ்பி அல்லது டைப்-சி துளை வழியே டேட்டாவும் போகும். எல்லா மாடலிலும் அல்ல. சிலவற்றில் அது பவருக்கு மட்டுமே. வாங்கும் முன் உங்கள் மாடல் ஈதர்நெட் அடாப்டரை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோ யுஎஸ்பி ஸ்டிக்குக்கு நான் சொல்வது, லேன் துளையும் பவர் துளையும் ஒரே பெட்டியில் இருக்கும் வகை. ஸ்டிக்கில் வரும் பவர் கேபிளைக் கழற்றி இந்தப் பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து வரும் வாலை ஸ்டிக்கில் செருக வேண்டியதுதான். சாதாரண யுஎஸ்பி லேன் அடாப்டர் ஏற்கெனவே வைத்திருந்தால், பவர் உள்ளே விடும் வசதியுள்ள ஓடிஜி ஒய்-கேபிள் தேவை. பவர் வசதி இல்லாத வெறும் ஓடிஜி கேபிளைப் போட்டால் லேன் அடாப்டர் இருக்கும், ஸ்டிக்குக்கு மின்சாரம் இருக்காது. டைப்-சி ஸ்டிக்குக்கு, பவரை உள்ளே வாங்கிக் கடத்தும் ஹப் வேண்டும்.

இப்போது எல்லோரும் தயங்கும் இடம். ஸ்டிக்குகளுக்கென்று விற்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். "என் வைஃபையே 300 காட்டுகிறதே, 100-க்கு இறங்கவா?" என்பார்கள். அந்த 300 காற்றில் பேசும் வேகம், அதுவும் ரவுட்டர் பக்கத்தில் நின்றால். கேபிளில் 100 என்றால் நடைமுறையில் 93, 94 நிலையாக வரும். எட்டு மணிக்கும் அதுவே, பக்கத்து வீட்டில் யார் என்ன செய்தாலும் அதுவே. 4கே கேட்பது 15. மங்கித் தெளியும் ஆட்டம் நிற்பது அந்த நிலைத்தன்மையால், உச்ச வேகத்தால் அல்ல.

100 போதாத ஒரே இடம், வீட்டில் உள்ள சர்வரிலிருந்து மேலும் சுருக்காத 4கே ப்ளூ-ரே கோப்பை ஓட்டுவது. அதில் அதிரடிக் காட்சிகளில் 100-ஐத் தாண்டும் நொடிகள் வரும். அதற்கு கிகாபிட் அடாப்டர் போடலாம். ஸ்டிக்கின் துளை யுஎஸ்பி 2 என்பதால் முழு கிகாபிட் வராது. 200, 300 வந்தால் நல்லது. அதுவே தாராளம்.

## அறிகுறி: அடாப்டர் செருகியும் ஸ்டிக் கண்டுகொள்ளவில்லை

அடாப்டரின் லேன் துளை ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். அது சொல்வதைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கே எரியவில்லை: மின்சாரம் வரவில்லை, அல்லது லேன் கேபிள் கெட்டது. கேபிளை ஒரு கணினியில் செருகிப் பார்த்து முதலில் அதைக் கழித்துவிடுங்கள். ஒய்-கேபிள் என்றால் பவர் எந்த முனையில் போக வேண்டும் என்பதை மாற்றிச் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

விளக்கு எரிகிறது, ஸ்டிக் இன்னும் வைஃபை என்றே சொல்கிறது: ஸ்டிக்கை அணைத்து, பவரைக் கழற்றி, எல்லாவற்றையும் செருகிய பிறகு பவர் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் சில ஸ்டிக்குகள் கவனிப்பதில்லை. அதற்கும் அசையவில்லை என்றால் அடாப்டரின் சிப்புக்கு ஸ்டிக்கில் டிரைவர் இல்லை என்று அர்த்தம். ஸ்டிக்கில் டிரைவரை நாம் நிறுவ முடியாது. வேறு சிப் உள்ள அடாப்டர்தான் வழி. RTL8152, RTL8153, AX88772 ஆகியவை பரவலாக ஏற்கப்படுபவை. பெட்டியில் சிப்பின் பெயரே போடாத அடாப்டரை நான் வாங்குவதில்லை.

விளக்கு எரிகிறது, "இணைந்தது, இணையம் இல்லை" என்கிறது: முகவரி கிடைத்ததா என்று பாருங்கள். நெட்வொர்க் பக்கத்தில் ஐபி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிலிருந்து முகவரி வந்து சேரவில்லை. ரவுட்டரின் வேறு துளையில் செருகிப் பாருங்கள். கணினி வழியே பார்ப்பதானால்:

```
adb shell ip addr show eth0
```

பொதுவாக லேன் வந்ததும் ஸ்டிக்கின் ஐபி மாறிவிடும். முன்பு வைஃபை முகவரியில் இணைத்த ஏடிபி அறுந்துபோகும். ஸ்டிக் செத்துவிட்டதாகப் பயப்படாமல் புதிய முகவரியை அமைப்பில் பார்த்து மறுபடி இணையுங்கள்.

## அறிகுறி: சுவர் தாண்டிக் கேபிள் இழுக்கவே முடியாது

வாடகை வீடு, சுவரைத் துளைக்க முடியாது. இங்கே எனக்கு மிகவும் பிடித்த வழி, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர். அதை டிவி பக்கத்தில் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் வைத்து, பெரிய ரவுட்டரின் வைஃபையைப் பிடிக்கும் கிளையன்ட் அல்லது பிரிட்ஜ் முறையில் போடுங்கள். அதன் லேன் துளையிலிருந்து குட்டிக் கேபிள் ஒன்று ஸ்டிக்கின் அடாப்டருக்கு. அவ்வளவுதான். ஸ்டிக்கின் செம்புக் கோட்டுக்குப் பதிலாக, வெளியே நீட்டிய இரண்டு மூன்று முழு ஆன்டெனாக்கள் இப்போது அதற்காகப் பேசுகின்றன. அதே அறையிலேயே ஸ்டிக்குக்கு மைனஸ் 75 வந்த இடத்தில், பழைய ரவுட்டருக்கு மைனஸ் 60-களின் நடு கிடைப்பது சாதாரணம்.

ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வாங்கியதை அதே அலைவரிசையில் திரும்ப வைஃபையாகவே அனுப்பும்போது. இங்கே அனுப்புவது கேபிளில் என்பதால் அந்த இழப்பு இல்லை. பழைய ரவுட்டரின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ரவுட்டரின் மெனுவில் பெயர்கள் குழப்பும். Client, Bridge, Repeater என்று ஏதாவது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். WISP என்பதையும் பலர் தேர்ந்தெடுப்பார்கள். அதிலும் படம் ஓடும், ஆனால் கீழே வரும் பிரச்சினை பிறக்கும்.

## அறிகுறி: கேபிள் போட்ட பிறகு ஃபோனிலிருந்து காஸ்ட் செய்ய முடியவில்லை

படம் பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் ஃபோனில் காஸ்ட் பொத்தானை அழுத்தினால் டிவியின் பெயர் வரவில்லை. ஸ்டிக்கின் ஐபியையும் ஃபோனின் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபோன் 192.168.1-இல் இருக்க, ஸ்டிக் 192.168.0 என்றோ 192.168.2 என்றோ இருந்தால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. பழைய ரவுட்டர் தானும் ஒரு ரவுட்டராக நடுவில் நின்று முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை WISP-இலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றினால் ஸ்டிக்குக்கு முகவரி பெரிய ரவுட்டரிலிருந்தே வரும், பெயரும் பட்டியலில் வந்துவிடும்.

இரண்டும் ஒரே வரிசை முகவரியில் இருந்தும் வரவில்லை என்றால், ஃபோன் கெஸ்ட் வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பெரிய ரவுட்டரில் AP isolation என்ற அமைப்பு இயங்கினால் அணையுங்கள். அது வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும். மாற்றியதும் ஸ்டிக்கை ஒருமுறை பவர் கழற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும்.